மைன்கிராஃப்டில் அன்ட் படலை: இரண்டு லீவர் வைத்தும் ஒன்றுக்கே லாம்ப் எரிவது ஏன்?

கேள்வி: "நான் களுவாஞ்சிக்குடி. ஐசிடி பாடத்தில படிச்ச தருக்கப் படலைகளை மைன்கிராஃப்டில கட்டிப் பாக்கிறன். நொட் சரியா வருது. அன்ட் கட்டுறதுக்கு புத்தகத்தில இருக்கிற மாதிரி ரெண்டு லீவரையும் ஒரே கோட்டில ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வச்சு, கடைசியில லாம்ப் வச்சன். ஒரு லீவரைப் போட்டாலே லாம்ப் எரியுது. எங்க பிழை? இதை வச்சு ரெண்டு எண்ணைக் கூட்டுற சுற்று கட்ட ஏலுமா?"

தம்பி, நீங்கள் கோடு போட்ட விதத்தில் பிழை இல்லை. புத்தகத்துச் சுற்றையும் விளையாட்டுச் சுற்றையும் ஒன்றென்று எடுத்ததுதான் பிழை. புத்தகத்தில் அன்டை விளக்க மின்கலம், இரண்டு ஆளிகள், மின்குமிழ் ஆகியவற்றை ஒரே வளையத்தில் வரைந்திருப்பார்கள். மின்னோட்டம் மின்கலத்திலிருந்து புறப்பட்டு அதற்கே திரும்பி வரவேண்டும் என்பதால், எந்த ஆளி திறந்திருந்தாலும் குமிழ் அணைந்துவிடும். விளையாட்டில் மின்சாரம்போல இயங்கும் ரெட்ஸ்டோனில் அப்படித் திரும்பி வரும் பாதையே கிடையாது. லீவர் அங்கே வழியை மறிக்கும் ஆளி அல்ல. அதுவே மின்கலம். போட்டவுடன் தன்னைத் தொடும் டஸ்டுக்கு, அதாவது கம்பிபோலச் சக்தியைக் கொண்டுபோகும் ரெட்ஸ்டோன் தூளுக்கு, 15 என்ற அளவில் சக்தி கொடுக்கும். போடாவிட்டால் ஒன்றும் கொடுக்காது, ஆனால் மற்ற லீவரிலிருந்து வருவதை நிறுத்தவும் செய்யாது. ஆகவே ஒரே டஸ்ட் கோட்டில் எத்தனை லீவரை எந்த வரிசையில் வைத்தாலும் கிடைப்பது ஓஆர் படலைதான். நீங்கள் கட்டியது பிழையான அன்ட் அல்ல, சரியான ஓஆர்.

டஸ்டாலும் லீவராலும் "இல்லை" என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய எளிய பொருள் ரெட்ஸ்டோன் டோர்ச். டோர்ச் எப்போதும் ஏதாவது ஒரு ப்ளொக்கில் ஒட்டியிருக்கும். அந்த ப்ளொக்குக்குச் சக்தி வராதவரை எரியும், வந்தால் 0.1 விநாடி கழித்து அணையும். உங்கள் நொட் சரியாக வந்தது இதனால்தான். அதே ப்ளொக்குக்கு இரண்டு பக்கத்தாலும் டஸ்ட் கொண்டுவந்தால், இரண்டில் எது வந்தாலும் டோர்ச் அணையும், இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் எரியும். அது நோர் படலை. நோர் ஒன்று கையில் இருந்தால் மற்ற எல்லாப் படலைகளையும் அதிலிருந்தே கட்டிவிடலாம். இது விளையாட்டுக்குச் சொல்லும் கதை அல்ல. சந்திரனுக்குப் போன அப்பலோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினியின் தருக்கப் பகுதி முழுவதும் மூன்று உள்ளீட்டு நோர் படலைகளால்தான் கட்டப்பட்டது.

அன்டை நோராகப் பார்க்க டி மோர்கன் விதி போதும். "இரண்டும் இருக்கிறது" என்பதும் "இரண்டில் ஒன்றுகூட இல்லாமல் இல்லை" என்பதும் ஒன்றே. ஆகவே இரண்டு உள்ளீட்டையும் முதலில் தனித்தனியே நொட் செய்து, அந்த இரண்டையும் சேர்த்து நோர் செய்தால் அன்ட். அதற்கு மூன்று டோர்ச் வேண்டும்.

கூட்டும் சுற்றையும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் அன்டைக் கொஞ்சம் அகலமாகவே கட்டுங்கள். பிறகு உடைக்க வேண்டி வராது. சமதரையில் ஐந்து கல் ப்ளொக்கை இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் வையுங்கள். கண்ணாடி வேண்டாம், அது சக்தி ஏற்காது. இரண்டு ஓரக் கற்களின் தலையிலும் ஒவ்வொரு டோர்ச். நடு மூன்று கற்களின் தலையிலும் டஸ்ட். நடுக்கல்லின் முன்பக்கச் சுவரில் மூன்றாவது டோர்ச். இனி இடது ஓரக் கல்லின் பின்னால் நேராக நான்கு டஸ்ட், ஐந்தாவது இடத்தில் தரையில் லீவர். வலது ஓரக் கல்லுக்கும் அப்படியே. நீங்கள் லீவர்களுக்குப் பின்னால் நின்று கற்களைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லும் இடம், வலம், முன், பின் எல்லாம் அந்தப் பார்வையில்தான்.

லீவர் இரண்டும் கீழே இருக்கும்போது தலையிலுள்ள இரண்டு டோர்ச்சும் எரியும். இடையிலுள்ள டஸ்ட் சிவக்கும். அந்த டஸ்ட் தான் உட்கார்ந்திருக்கும் நடுக்கல்லுக்குச் சக்தி கொடுக்கும், முன் டோர்ச் அணைந்தே இருக்கும். இடது லீவரைப் போட்டால் இடது தலை டோர்ச் அணையும், ஆனால் வலது டோர்ச் டஸ்டைத் தொடர்ந்து எரியவைக்கும். இரண்டையும் போட்டால்தான் டஸ்ட் கறுத்து, நடுக்கல் விடுபட்டு, முன் டோர்ச் எரியும். தலையிலுள்ள அந்த டஸ்டே நான்ட் படலையின் வெளியீடு என்பதையும் பார்த்து வையுங்கள்.

இந்தக் கட்டில் வழக்கமாக வரும் பிழைகள் இரண்டு. ஒன்று, நடுக்கல்லுக்கு நேர் பின்னால் தரையில் டஸ்ட் வைப்பது. டஸ்ட் ஒரு ப்ளொக் உயரம் ஏறி இணைந்துகொள்ளும். தரையில் வைத்த டஸ்டுக்கு லீவர்க் கோட்டிலிருந்து சக்தி வந்தால், அது கல்லின் தலையிலுள்ள டஸ்டோடு சேர்ந்து நடுக்கல்லை உயிர்ப்பிக்கும், இரண்டு லீவரையும் போட்டாலும் முன் டோர்ச் எரியாது. மூன்று நடுக்கற்களின் பின்பக்கமும் முன்பக்கமும் தரை வெறுமையாக இருக்க வேண்டும், முன் டோர்ச்சைத் தவிர.

மற்றது கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு ப்ளொக்குக்குச் சக்தி வருவதில் இரண்டு தரம் உண்டு. லீவரை ப்ளொக்கிலேயே ஒட்டினாலோ, ரிப்பீட்டர் அதற்குள் நேராக ஊட்டினாலோ, அடியில் டோர்ச் இருந்தாலோ அந்த ப்ளொக் பலமாக உயிர்க்கும்; தன்னைத் தொடும் டஸ்டையும் எரியவைக்கும். டஸ்ட் மட்டும் ஊட்டினால் அது பலவீனமாகத்தான் உயிர்க்கும். பக்கத்திலுள்ள லாம்ப் எரியும், ஒட்டிய டோர்ச் அணையும், ரிப்பீட்டரும் வேலை செய்யும், ஆனால் பக்கத்து டஸ்ட் மட்டும் எரியாது. சோதிக்கும்போது லீவரைக் கல்லிலேயே ஒட்டி "வேலை செய்கிறது" என்று பார்த்துவிட்டு, பிறகு லீவரை எடுத்து டஸ்ட் கோடு இழுத்தால் அதே கட்டு செத்துப்போவது இதனால்தான். அறிகுறி எளிது: கல்லுக்கு முந்திய டஸ்ட் சிவப்பு, கல்லுக்குப் பிந்திய டஸ்ட் கறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு ரிப்பீட்டரை வைத்தால் தீரும்.

அன்ட் நான்கு நிலைக்கும் சரியாக வந்த பிறகு கூட்டலுக்குப் போகலாம். இரண்டு பிட்டைக் கூட்டும் அரைக்கூட்டிக்கு இரண்டு வெளியீடு. கேரி என்பது அன்ட். கூட்டுத்தொகை என்பது எக்ஸோர், அதாவது இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் எரிவது. எக்ஸோரைத் தனியே கட்டத் தேவையில்லை. "இரண்டுமே இல்லை" என்பதும் அல்ல, "இரண்டுமே இருக்கிறது" என்பதும் அல்ல என்றால் மீதி ஒன்று மட்டும் இருப்பதுதானே. இரண்டாவது ஏற்கெனவே கட்டிய அன்டிலிருந்து வருகிறது, முதலாவது ஒரு நோர். இரண்டையும் இன்னொரு நோருக்குக் கொடுத்தால் போதும்:

```
S = NOR( NOR(A,B), AND(A,B) )
C = AND(A,B)
```

முதல் நோரைக் கட்ட, நடுக்கல்லிலிருந்து பின்பக்கமாக இரண்டு இடம் விட்டு மூன்றாவது இடத்தில் ஒரு கல் வையுங்கள். அது இரண்டு லீவர்க் கோட்டுக்கும் சரியாக நடுவில் வரும், இரு பக்கமும் ஒவ்வொரு ப்ளொக் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிகளில் கல்லை நோக்கி ஒவ்வொரு ரிப்பீட்டர். ரிப்பீட்டர் நீங்கள் பார்க்கும் திசைக்கே சக்தியை அனுப்பும், ஆகவே கோட்டின் பக்கம் நின்று கல்லைப் பார்த்தபடி வையுங்கள். ரிப்பீட்டர் வைப்பதற்கு இரண்டு காரணம். நேராகப் போகும் டஸ்ட் கோடு தன் பக்கவாட்டிலுள்ள கல்லுக்குச் சக்தி கொடுக்காது. எதை நோக்கி முடிகிறதோ அதற்குத்தான் கொடுக்கும். சரி, டஸ்டையே கிளையாகப் போடலாமே என்றால் அது வேலை செய்யும், ஆனால் பிறகு எங்காவது இரண்டு கிளையும் தொட்டுக்கொண்டால் இடது லீவரின் சக்தி வலது கோட்டுக்குள் புகுந்துவிடும். ரிப்பீட்டர் ஒருவழிப் பாதை, திரும்ப விடாது.

அந்தக் கல்லின் பின்பக்கச் சுவரில் டோர்ச்சை ஒட்டுங்கள். லீவர் இரண்டும் கீழே இருக்கும்போது மட்டும் அது எரிய வேண்டும். இனி அதன் வெளியீட்டை முன்பக்கம் கொண்டுபோக வேண்டும். நேரே முன்னால் கொண்டுபோனால் நடுக்கல்லில் ஏறிக்கொள்ளும், ஆகவே சுற்றித்தான் போகவேண்டும். டோர்ச்சிலிருந்து பின்னால் மூன்று டஸ்ட், இரண்டு லீவருக்கும் இடையால். பிறகு இடப்பக்கம் நான்கு. பிறகு முன்னோக்கிப் பதினொன்று. கடைசியாக வலப்பக்கம் மூன்று. பின்னால் மூன்று என்று சொன்னதை இரண்டாகக் குறைத்தால் கோடு இடது லீவரைத் தொட்டுக்கொண்டு போகும். அந்த லீவரே அதையும் எரியவைத்துவிடும். லீவருக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு வெற்று வரிசை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சுற்றுவழி 21 இடம். டோர்ச்சுக்கு அடுத்த டஸ்டில் 15 இருக்கும் சக்தி, ஒவ்வொரு ப்ளொக்குக்கும் ஒன்றாகக் குறைந்து பதினைந்தாவது டஸ்டில் 1 ஆகிவிடும், பதினாறாவது எரியாது. அதனால் முன்னோக்கிப் போகும் பதினொன்றில் ஐந்தாவது இடத்தில் டஸ்டுக்குப் பதிலாக ஒரு ரிப்பீட்டர் வையுங்கள். அது சக்தியை மறுபடி 15க்கு ஏற்றிக்கொடுக்கும்.

முன்பக்கத்தில் இரண்டாவது நோர். அன்டின் முன் டோர்ச்சுக்கு அடுத்த இடத்தில் ஒரு டஸ்ட், அதற்கு முன்னால் ஒரு ரிப்பீட்டர், அதற்கு முன்னால் ஒரு கல். சுற்றிவந்த கோட்டின் கடைசி டஸ்ட் அந்தக் கல்லின் இடப்பக்கத்தில்தான் வந்து முடியும். முடியாவிட்டால் எண்ணிக்கையில் எங்கோ ஒன்று தவறியிருக்கிறது. கல்லின் முன் சுவரில் டோர்ச், அதைத் தொட்டபடி ஒரு லாம்ப். அதுதான் கூட்டுத்தொகை. கேரிக்கு, முன் டோர்ச்சுக்கு அடுத்துள்ள டஸ்டிலிருந்து வலப்பக்கம் இன்னும் இரண்டு டஸ்ட் இழுத்து, அதன் நுனியில் மற்ற லாம்ப். மொத்தம் டோர்ச் 5, ரிப்பீட்டர் 4, கல் 7, லீவர் 2, லாம்ப் 2, டஸ்ட் 34.

சோதனை நான்கு நிலைதான். இரண்டும் கீழே: லாம்ப் இரண்டும் இருள். ஏதாவது ஒன்று மேலே: கூட்டுத்தொகை லாம்ப் மட்டும். இரண்டும் மேலே: கேரி லாம்ப் மட்டும், அதாவது இரும எண்ணில் 10. பிழை வந்தால் லாம்பைப் பார்த்து யோசிக்காமல் டோர்ச்சுகளைப் பாருங்கள். இரண்டும் கீழே இருக்கும்போதே கூட்டுத்தொகை எரிந்தால், பின்பக்க நோர் டோர்ச் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். அது எரிந்தும் லாம்ப் எரிந்தால் சுற்றுவழியில் சக்தி தீர்ந்துபோகிறது, அல்லது அங்குள்ள ரிப்பீட்டர் எதிர்த்திசையில் நிற்கிறது. இரண்டும் மேலே இருக்கும்போது இரண்டு லாம்பும் எரிந்தால், கேரியிலிருந்து முன் கல்லுக்குப் போகும் ரிப்பீட்டர்தான் திரும்பி நிற்கிறது. ஒரு டோர்ச் விட்டுவிட்டு மினுங்கி, புகைந்து, அணைந்துவிட்டால் அது வேறு நோய்: அதன் வெளியீடு எங்கோ சுற்றிவந்து அதன் சொந்தக் கல்லைத் தொடுகிறது. மூன்று விநாடிக்குள் எட்டுத் தடவை அணைக்கப்பட்டால் டோர்ச் எரிந்துபோகும் என்பது விளையாட்டின் விதி. டோர்ச்சை மாற்றிப் பயனில்லை, தொடும் இடத்தைக் கண்டுபிடித்துப் பிரிக்க வேண்டும்.

கேரிக்கும் முன் கல்லுக்கும் நடுவிலுள்ள ரிப்பீட்டரை வைக்காமல் டஸ்டே வைத்தாலும் நான்கு நிலையும் சரியாகத்தான் காட்டும். அது நேரத்துக்காக வைத்தது. டோர்ச் ஒவ்வொன்றும் 0.1 விநாடி தாமதம், முதல் நிலையில் விட்ட ரிப்பீட்டரும் அதேயளவு. சுற்றுவழியில் ரிப்பீட்டர், டோர்ச், ரிப்பீட்டர் என்று 0.3 விநாடி. அன்ட் வழியில் டோர்ச் இரண்டும் சேர்ந்து 0.2 தான். இரண்டு உள்ளீடும் ஒரே கணத்தில் அணைந்தால், கேரி போய்விட்டது, ஆனால் நோர் இன்னும் வரவில்லை என்ற 0.1 விநாடி இடைவெளியில் கூட்டுத்தொகை லாம்ப் பொய்யாக ஒருமுறை மினுங்கக்கூடும். கையால் லீவரைத் தட்டும்போது இது தெரியாது. இந்த வெளியீட்டை நினைவகச் சுற்று ஒன்றுக்குக் கொடுக்கும் நாளில் அந்த மினுங்கலையும் அது உண்மையென்று பதிந்துகொள்ளும். ரிப்பீட்டர் வைத்ததும் இரண்டு வழியும் 0.3 ஆகிவிடுகிறது.

மேலே சொன்ன கட்டு ஜாவாப் பதிப்புக்கும் கைபேசியிலுள்ள பெட்ரொக் பதிப்புக்கும் பொருந்தும். டோர்ச், டஸ்ட், ரிப்பீட்டர் ஆகியவற்றின் அடிப்படை விதி இரண்டிலும் ஒன்று. பிஸ்டன் வைத்த கட்டுகளை இணையத்தில் பார்த்துச் செய்வதானால்தான் எந்தப் பதிப்புக்குரியது என்று கவனிக்க வேண்டும், அங்கே விதிகள் வேறுபடும். பாடசாலைக் கணினியில் இலவசமான லுவான்டியும் (முன்பு மைன்டெஸ்ட்) அதற்கான மெசிகோன்ஸ் என்ற மேலதிகத் தொகுப்பும் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அங்கே அன்ட், எக்ஸோர் எல்லாம் ஆயத்த ப்ளொக்காகவே கிடைக்கும், கம்பியில் தூரத்துக்குச் சக்தி குறைவதும் இல்லை. தருக்கத்தைப் படிக்க அது வசதி. ஆனால் படலை உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு டோர்ச்சால் கட்டுவதுதான் நல்லது.

ஒரு பிட் இலக்கத்துக்கு மேல் கூட்ட முழுக்கூட்டி வேண்டும்: இரண்டு அரைக்கூட்டி, ஒரு ஓஆர். முதலாவதின் கூட்டுத்தொகையையும் முந்திய இலக்கத்திலிருந்து வரும் கேரியையும் இரண்டாவதுக்குக் கொடுத்து, இரண்டின் கேரிகளையும் ஓஆர் செய்தால் அடுத்த இலக்கத்துக்குப் போகும் கேரி. ஓஆர்தானே, டஸ்டைச் சேர்த்துவிட்டால் போதும் என்று எவருக்கும் தோன்றும். அங்கேதான் சுற்று மாட்டும். இரண்டு வாய்க்கால் மதகில்லாமல் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றின் தண்ணீர் மற்றதற்குள் எதிர்த்து ஏறுவதுபோல, டஸ்டில் சக்தி எந்தப் பக்கமும் போகும். 1 + 1 + 1 ஐப் போட்டுப் பாருங்கள். முதல் அரைக்கூட்டி கேரி 1, கூட்டுத்தொகை 0 கொடுக்கும். இரண்டாவது 0 உம் 1 உம் வாங்கி, கூட்டுத்தொகை 1, கேரி 0 கொடுக்க வேண்டும். ஆனால் முதலாவதின் கேரி சேர்ந்த டஸ்ட் வழியே திரும்பி இரண்டாவதின் கேரிக் கோட்டுக்குள் நுழையும். அந்தக் கோடு இரண்டாவதின் முன் கல்லுக்கும் போகிறது அல்லவா, அது கூட்டுத்தொகை டோர்ச்சை அணைத்துவிடும். விடை 11 க்குப் பதில் 10 வரும், அதாவது மூன்றுக்குப் பதில் இரண்டு. மற்ற ஏழு சேர்க்கைகளில் 1 + 1 + 0 இலும் கேரி இப்படியே திரும்பி நுழையும், ஆனால் அங்கே கூட்டுத்தொகை எப்படியும் 0 என்பதால் பிழை வெளியே தெரியாது. 1 + 0 + 1, 0 + 1 + 1 இரண்டிலும் இரண்டாவதின் கேரி எதிர்த்துப் போய் முதலாவதின் கூட்டுத்தொகையை அணைக்கும், அதனால் அந்தக் கேரியே போய்விடும், பிறகு மறுபடி வரும், லாம்புகள் மினுங்கிக்கொண்டே இருக்கும். மற்ற நான்கிலும் கேரியே இல்லாததால் பிழை தெரியாது. அதனால் எட்டுச் சேர்க்கையையும் போட்டுப் பார்க்காவிட்டால் இது சோதனையில் தவறிவிடும். இரண்டு கேரிக் கோட்டிலும், சேரும் இடத்துக்கு முன்னால், வெளியே பார்த்தபடி ஒவ்வொரு ரிப்பீட்டர் வைத்துவிட்டு மறுபடி 1 + 1 + 1 ஐப் போடுங்கள். இரண்டு லாம்பும் எரிந்தால், அதே கட்டை எத்தனை இலக்கத்துக்கு வேண்டுமோ அத்தனை தடவை பக்கத்தில் வைத்துக்கொண்டே போகலாம்.